முப்பது வெள்ளிக்கு ஒரு சேலை

சேலை கட்டிவிடுவது எனக்குத் தொழிலாக இருந்ததில்லை. கைப்பழக்கம், அவ்வளவுதான். தாமான் உங்கு துன் அமினாவில் எங்கள் வரிசை வீடுகளில் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று எது வந்தாலும், "அவளைக் கூப்பிடு, கொசுவம் நல்லா வைப்பா" என்பார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போன் வரும். நானும் ஊக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிளம்பும்போது கல்யாண வீட்டம்மா ஒரு அங்பாவ் உறையைக் கையில் திணிப்பார். அதில் பத்து வெள்ளியும் இருக்கும், ஐம்பதும் இருக்கும், சில நேரம் "அப்புறம் பார்க்கலாம்மா" என்ற வார்த்தை மட்டும் இருக்கும். கேட்டு வாங்க எனக்கு வாய் வராது. சொந்தக்காரர்களிடம் எப்படிக் காசு கேட்பது?

2021 கடைசியில் அம்மாவுக்கு சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். நான் செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவள். ஷிஃப்ட் வேலையையும் அம்மாவின் நேரத்தையும் சேர்த்து இழுக்க முடியாமல் வேலையை விட்டேன். வீட்டு வருமானத்தில் ஒரு பாதி அன்றோடு போனது.

மறு வருடம் ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மாசாயில் ஒரு கல்யாணம். "பொண்ணுக்கு மட்டும் கட்டிவிட்டுட்டு ஓடிப்போயிடும்மா, அரை மணி நேரம்தான்" என்றார்கள். அம்மாவைத் தம்பி கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அவனுடைய காடி பழுதானால் நான் ஆறு மணிக்குள் திரும்புவதாகப் பேச்சு. மூன்றரைக்கே போனேன். பெண்ணுக்குக் கட்டி முடித்தேன். பிறகு பெண்ணின் அம்மா, அத்தை, சித்தி, மாமன் மகள் என்று ஆறு பேர் கையில் சேலையோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தரை மறுத்தால் மற்றவர் மனம் கோணும். நடுவில் போன் அடித்திருக்கிறது. என் கையெல்லாம் ஊக்கு. தம்பியின் காடி அன்றைக்குத்தான் கிளம்பவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடத்தில் வேறொருவரை ஏற்றிவிட்டார்கள். ஞாயிறு இரவு கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்க, அவசரப் பிரிவுக்கு ஓடினோம். வியாழனுக்குப் பிறகு உடம்பில் சேர்ந்த நீர் வெளியேற வழியில்லாமல் நுரையீரல்வரை போயிருந்தது.

அன்று மாசாயில் எனக்குக் கிடைத்த உறையில் நாற்பது வெள்ளி இருந்தது. ஏழு சேலைக்கு.

மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரவில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அதுவும் மாசாய்க்காரர்கள் மேல் இல்லை. அவர்கள் கேட்டார்கள், எது வரைக்கும் என் வேலை என்று நான் சொல்லவே இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு தாள் தொங்கும். இந்த மேசைக்கு என்ன வரும், அதில் என்ன செய்ய வேண்டும், எப்படி இருந்தால் அடுத்த மேசைக்குப் போகும், எப்படி இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். பதினோரு வருடம் அந்தத் தாளைப் பார்த்து வேலை செய்தவள், என் சொந்தக் கைவேலைக்கு ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

முதலில் செய்தது, வேலையை இரண்டாக வெட்டியது. சேலை கட்டுவதில் ஆள் உடம்பில் நடப்பது ஒரு பாதி. அதற்கு முன்பே மேசையில் முடித்துவிடக்கூடியது இன்னொரு பாதி. முந்தானை மடிப்பு, முன் கொசுவம், இஸ்திரி, ஊக்கு எல்லாம் மேசையிலேயே முடியும். அப்படி முடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், கட்டுபவர் ஐந்து நிமிடத்தில் தானே சுற்றிக்கொள்ளலாம். ப்ரீ ப்ளீட்டிங் என்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பலர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று: அந்த வேலைக்கு விடியற்காலை நாலு மணி தேவையில்லை. புதன்கிழமை மத்தியானம் செய்யலாம், அம்மா பக்கத்து அறையில் தூங்கும்போது.

வீட்டுக்கு வந்து கட்டிவிடும் வேலையை அடியோடு விட்டேன். மாசாய்க்குப் போனதுதான் கடைசி. நல்ல காசு அதில்தான் இருக்கிறது என்று பலரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்த வேலை எப்போது முடியும் என்பதை நான் முடிவு செய்ய முடியாது.

அடுத்தது நேரம். போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் சேலைகளையே மடித்துப் பார்த்தேன். பிறகு தெரிந்தவர்கள் ஐந்து பேருடையதை இலவசமாக வாங்கி மடித்தேன். சராசரி ஒரு மணி பத்து நிமிடம் வந்தது. எங்கே போகிறது இத்தனை நேரம் என்று ஒரு தாளில் பிரித்து எழுதினால், கைவேலை நாற்பத்தேழு நிமிடம்தான். மிச்ச இருபத்து மூன்று நிமிடமும் கேள்வி. "அக்கா, முந்தானை முட்டி வரைக்குமா, அதுக்குக் கீழேயா?" "ஹீல்ஸ் போடுவீங்களா?" "ப்ளவுஸ் துணியை வெட்டிட்டீங்களா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அதற்குள் இஸ்திரிப் பெட்டி ஆறி, மறுபடி சூடாக்கி. கேள்விகளை எல்லாம் சேலை வாங்கும்போதே ஒரு தாளில் கேட்டு முடித்தபோது, மூன்று வாரத்தில் ஒரு சேலை நாற்பது நிமிடத்துக்கு இறங்கியது.

விலையை நான் பின்பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளியாவது வந்தால்தான் வீடு ஓடும். அம்மாவின் நாட்களைக் கழித்தால் வாரத்தில் பதினைந்து சேலைக்கு மேல் என்னால் நிதானமாகச் செய்ய முடியாது. ஒரு சேலைக்குப் பெட்டி, மெல்லிய தாள், ஊக்கு, மின்சாரம் எல்லாம் சேர்த்து மூன்றரை வெள்ளி. விலை 25 என்றால் கையில் நிற்பது 21.50, வாரம் பதினைந்து, நாலு வாரத்துக்கு 1,290. போதாது. 30 என்றால் கையில் 26.50; நாலு வாரத்துக்கு 1,590. ஆக முப்பது வெள்ளி. ஊரில் மற்றவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். குறைவாக வாங்குபவரும் இருந்தார்கள், இரட்டிப்பாக வாங்குபவரும் இருந்தார்கள். நான் தாளை மாற்றவில்லை.

எஸ்எஸ்எம்மில் கடைப் பெயரில் பதிவு செய்ய வருடத்துக்கு அறுபது வெள்ளி. சொந்தப் பெயரிலேயே என்றால் முப்பதுதான். தொழில் தொடங்கிய முப்பது நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டில் மேசை போட்டுச் செய்கிற வேலைக்கும் அது உண்டு. அதை முடித்துவிட்டு, ஒரு அட்டையில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டேன். இன்றைக்கும் ஏறக்குறைய அதே வாசகம்தான்:

"சேலை மடிப்பு. ஒரு சேலை 30 வெள்ளி. முந்தானை மடிப்பு, முன் கொசுவம், இஸ்திரி, ஊக்கு, பெட்டி, கட்டும் முறைக் குறிப்பு எல்லாம் இதில் அடக்கம். புதன் இரவு எட்டுக்குள் சேலை வர வேண்டும்; வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் 10 வெள்ளி. வாரத்துக்குப் பதினைந்து சேலை மட்டும். துவைத்தல், கறை எடுத்தல், ஃபால்ஸ் தைத்தல், ப்ளவுஸ், வீட்டுக்கு வந்து கட்டுதல் கிடையாது."

கடைசி வரியைப் பார்த்துவிட்டு என் தோழி, "வியாபாரம் ஆரம்பிக்கும்போதே கிடையாது கிடையாதுன்னா யாரு வருவா?" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த முதல் பத்துப் பேரில் யாருமே ஃபால்ஸ் தைத்துத் தரச் சொல்லவில்லை. முன்பெல்லாம் பாதிப் பேர் கேட்பார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதை இஸ்திரி வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது துணியைப் பங்கு பிரிக்கிற கணக்கு.

ஒரு கல்யாணக் குடும்பம் கூலாயில் இருந்து ஒன்பது சேலை கொண்டு வந்தது. அதில் பெண்ணின் அம்மாவுடையதை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பட்டு, ப்ளவுஸ் துணி வெட்டியது போக ஐந்தரை மீட்டர் நீளம், 117 சென்டிமீட்டர் அகலம். அந்த அம்மாவின் இடுப்புச் சுற்று, அதாவது இடுப்பின் அகலமான இடத்தில், உள்பாவாடை மேல் வைத்து அளந்தது, 112. பாவாடை முடிச்சில் இருந்து தரை வரை 98. தோளில் இருந்து முதுகுப் பக்கமாக முட்டி வரை 95. இந்த மூன்று அளவு போதும். உயரம், எடை எதுவும் எனக்கு வேண்டாம். பெண்கள் சொல்லத் தயங்குவதும் அதைத்தான்.

சேலையின் அகலம் 117, பாவாடை முடிச்சுக்குக் கீழே தேவை 98. மிச்சம் 19 சென்டிமீட்டர். கட்டும்போது நாம் இடுப்பில் செருகித் தள்ளுவது இதைத்தான். அதை மேசையிலேயே மேல் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டுவிட்டால், கீழ்க்கரை நேராக ஒரே மட்டத்தில் நிற்கும். இடுப்பில் துணி உருண்டைகட்டாது.

பிறகு நீளம். முதல் சுற்றுக்கு, வலது இடுப்பில் செருகி இடது பக்கமாகப் போய் முதுகைச் சுற்றி மறுபடி முன்னால் வருவதற்கு, 112. முந்தானைக்குத் தோளில் இருந்து தொங்குவது 95. கொசுவத்துக்குப் பிறகு துணி இடது பக்கமாக மறுபடி முதுகைச் சுற்றி, வலது கைக்கு அடியில் வந்து, மார்பைக் கடந்து இடது தோளுக்கு ஏற வேண்டும். அந்த அம்மாவுக்கு அது 158. மூன்றையும் கூட்டினால் 365. ஐந்தரை மீட்டரில் இதைக் கழித்தால் மிஞ்சுவது 185. அதுதான் கொசுவத்துக்கு. ஒரு மடிப்பு பதின்மூன்று சென்டிமீட்டர் அகலம் என்றால், போய்த் திரும்ப இருபத்தாறு பிடிக்கும். ஏழு கொசுவம் வரும். மூன்று சென்டிமீட்டர் மிச்சம். அழகாக அமைந்துவிட்டது.

அதே ஒன்பதில் பெண்ணின் அத்தையுடைய சேலையும் இருந்தது. ஜார்ஜெட், நல்ல நீல நிறம், ஆனால் நீளம் ஐந்து மீட்டர்தான். அத்தைக்குச் சுற்று 130. அதே கணக்கில் மற்ற மூன்றுக்குமாக 405 போய்விடும். மிஞ்சுவது 95, மூன்று கொசுவம், கொஞ்சம் மிச்சம். மூன்று கொசுவத்தில் நடந்தால் கால் இடறும், முன்பக்கம் தட்டையாகத் தெரியும். எத்தனை திறமையாக மடித்தாலும் இல்லாத துணியை நான் உண்டாக்க முடியாது. இதை அந்த அத்தையிடம் சேலையை வாங்கும்போதே சொன்னேன்: "அக்கா, இதுல மூணுதான் வரும். முந்தானையைக் கொஞ்சம் குட்டையாக்கினா நாலு வரும். இல்லேன்னா வேற சேலை கொண்டாங்க." அவர் முந்தானையைக் குறைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, "ஏன் நாலுதான் இருக்கு?" என்று அவர் கேட்கவில்லை. ஐந்துக்குக் குறைந்தால் முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அதற்கு முன்பே என் தாளில் ஏறியிருந்த வரி. அது எப்படி ஏறியது என்று சொன்னால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கும்; ஒரு பெண் என் வாசலில் நின்று அழுதாள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

முந்தானை மடிப்பு எளிது. 117 அகலத்தைப் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டராக மாற்றி மாற்றி மடித்தால் பத்து அடுக்கு, தோளில் ஐந்து மடிப்பாகத் தெரியும். கரை மேலே தெரிய வேண்டும். பட்டுக்கு இஸ்திரி மிதமான சூடு, மேலே வெள்ளைப் பருத்தித் துணி போட்டுத்தான். ஜரிகை இருக்கும் இடத்தில் பின்பக்கமாக. தண்ணீர் தெளிக்கவே கூடாது, பட்டில் சொட்டு விழுந்த இடம் திட்டாக நிற்கும். புதிதாக வரும் துணி எதுவானாலும் முதலில் உள்ளே செருகும் முனையில், யார் கண்ணிலும் படாத இடத்தில், இஸ்திரியை ஒரு நொடி வைத்துப் பார்ப்பேன். ஊக்கு குத்தும்போது ஊக்கில் ஒரு சின்ன மணியைக் கோத்துக்கொள்வேன். ஊக்கின் சுருளில் பட்டு இழை மாட்டிக் கிழிவது அதனால் நிற்கும். ஷிஃபானும் மெல்லிய ஜார்ஜெட்டும் மடிப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதற்கு ஊக்கு கூடுதல். இதையெல்லாம் தெரிந்தவர்கள் ஊரில் நூறு பேர் இருப்பார்கள்.

தவறு நடந்தது பெரும்பாலும் துணியில் இல்லை, தாளில் விட்டுப்போன வரியில்தான். முதல் வருடம் ஒரு பெண் அளவை வீட்டிலேயே எடுத்து அனுப்பினாள். சிங்கப்பூரில் வேலை, காலை நாலரைக்குப் பாலம் கடக்கக் கிளம்புபவள். நேரில் வர நேரமில்லை. இடுப்பில் இருந்து தரை வரை 96 என்று எழுதியிருந்தாள். அப்படியே மடித்துக் கொடுத்தேன். கல்யாணத்தன்று படம் அனுப்பினாள். சேலை கணுக்காலுக்கு மேலே நின்றது. வெறுங்காலில் அளந்திருக்கிறாள், போட்டது மூன்று அங்குல ஹீல்ஸ். தவறு அவளுடையதா, என்னுடையதா? அளவு தந்தது அவள். ஆனால் செருப்போடு அளக்க வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே தாளில் ஏற்றினேன்: "அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு அளக்கவும். நேரில் வந்தால் செருப்பைக் கையோடு கொண்டுவரவும்." கூடவே இன்னொரு வரி: நான் அளந்த அளவில் பிழை என்றால் இலவசமாக மறுபடி மடிப்பேன், அவர்கள் தந்த அளவில் பிழை என்றால் பத்து வெள்ளி.

இன்னொன்று கொஞ்சம் வலித்தது. ஒருவர் தன் அம்மாவின் கல்யாணப் பட்டைக் கொண்டு வந்தார். நாற்பது வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்தது. நான் விரித்து இரண்டாவது கொசுவம் போடும்போது பழைய மடிப்புக் கோட்டிலேயே துணி நூல் நூலாக விட்டது. நான் இழுக்கவில்லை. ஆனால் என் மேசையில்தான் கிழிந்தது. அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சேலையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். நூற்றைம்பது வெள்ளி கொடுத்தேன். அது எதற்கும் ஈடில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அதிலிருந்து எந்தச் சேலையும் என் ஜன்னல் பக்கம் போகாமல் உள்ளே வராது. கொண்டு வந்தவரையே பிடிக்கச் சொல்லி, வெளிச்சத்துக்கு எதிரே விரித்து, மடிப்புக் கோடுகளில் பார்ப்போம். வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தால், அல்லது ஜரிகை வெடித்து உள்நூல் தெரிந்தால், வாங்க மாட்டேன். கறை, பொத்தல் இருந்தால் அவர் முன்னாலேயே படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுவேன். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் முப்பது வெள்ளியில் சேர்ந்ததுதான். பெட்டியில் வைக்கும் குறிப்பிலும் ஒரு வரி சேர்த்தேன்: இரண்டு வாரத்துக்கு மேல் இந்த மடிப்பிலேயே வைக்காதீர்கள், விழா முடிந்ததும் பிரித்து வேறு மடிப்பில் வையுங்கள். அப்படி எழுதுவதால் எனக்கு மறுபடி வேலை வரும் என்று கேலி செய்பவர்கள் உண்டு.

தாளில் எழுதிவிட்டால் இன்னொரு லாபமும் இருக்கிறது. அது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கையோடு தொடங்கியதைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர் அவர். எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் மெக்டோனல்ட்ஸைப் பார்த்து, கண்புரை அறுவையையும் அப்படி ஒரே ஒழுங்கில் செய்ய முடியாதா என்று யோசித்தவர். அங்கே நோயாளியைத் தயார்செய்வது, பரிசோதனை எடுப்பது எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். மருத்துவர் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்கிறார். ஒரு மேசையில் அறுவை முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். கண் அறுவையோடு சேலை மடிப்பை ஒப்பிடுவது கொழுப்புதான். இருந்தாலும் எனக்கு அதிலிருந்து ஒரு கேள்வி கிடைத்தது: என் நாற்பது நிமிடத்தில் என் கையே வேண்டும் என்பது எவ்வளவு?

கணக்குப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடம். பங்கு பிரிப்பதும், கொசுவம் பிடிப்பதும். மீதி, ஜன்னல் சோதனை, படம், ஊக்கில் மணி கோப்பது, இஸ்திரி, பெட்டி கட்டுவது எல்லாம் தாளைப் பார்த்து இன்னொருவர் செய்யலாம். பக்கத்து வீட்டுத் தங்கச்சி எஸ்பிஎம் முடித்துவிட்டு சும்மா இருந்தாள். ஒரு சேலைக்கு எட்டு வெள்ளி என்று பேசி வைத்துக்கொண்டேன். இஸ்திரியை மட்டும் ஒரு மாதம் பழைய சேலைகளில் பழக்கினேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும், தை, ஆவணிக் கல்யாண மாதங்களிலும் அவள் இருந்தால் வாரத்துக்கு இருபத்தைந்து வரை போகும். ஆடியிலும் மார்கழியிலும் வாரத்துக்கு நாலைந்துதான் வரும். அப்போது அவளுக்கும் வேலை இல்லை, எனக்கும் கையைப் பிசைகிற நிலைதான். முப்பது வெள்ளி என்ற விலை அதை மாற்றவில்லை. நல்ல மாதத்தில் ஒதுக்கி வைக்கிறேன், அவ்வளவுதான். விலையைக் குறைத்து ஆடித் தள்ளுபடி போடலாமே என்றார்கள். ஆடியில் கல்யாணமே இல்லாதபோது, தள்ளுபடிக்கு மட்டும் சேலை எங்கிருந்து வரும்?

2025 ஜனவரி முதல் தேதியில் இருந்து ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியில் இருந்து சனி, ஞாயிறுக்கு மாறியதும் என் அட்டையும் மாறியது. அதற்கு முன் புதன் இரவு என்பதற்குப் பதில் செவ்வாய் இரவு என்று வைத்திருந்தேன், வியாழன் மாலையே எடுத்துப் போவார்கள். செவ்வாயும் வியாழனும் அம்மாவின் நாட்கள், மூச்சு முட்டும். எங்கள் வீட்டில் அரசாங்கத்தின் அந்த அறிவிப்பைக் கேட்டு அதிகம் மகிழ்ந்தவள் நானாகத்தான் இருக்கும்.

சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை. விலை எழுதி ஒட்டியிருந்தால் பேச மாட்டார்கள். பேசியது பெரியம்மா. "மடிக்கிறதுக்கு முப்பது வெள்ளியா? உன்னைத் தூக்கி வளர்த்தவகிட்டயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர்தான். பாதி விலைக்குச் செய்யலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாதி விலை என்றால் அடுத்து அத்தைக்கும் பாதி, மாமிக்கும் பாதி, பிறகு முப்பது என்பது முன்பின் தெரியாதவர்களுக்கான விலை என்று ஆகிவிடும். முழு இலவசம் என்றால், மாசாய் மாதிரி ஏழு சேலை வரும்.

கடைசியில் மொய் எழுதுவது மாதிரி செய்தேன். குடும்பத்தில் கல்யாணம் என்றால் இரண்டு சேலை என் மொய். ரசீதில் 60 வெள்ளி என்று எழுதி, கீழே "அன்பளிப்பு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். மூன்றாவது சேலைக்கு முப்பது வெள்ளி. புதன் இரவு எட்டு மணி என்பது அவர்களுக்கும் உண்டு, பதினைந்தில் இடம் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. முதல் தடவை ரசீதைப் பார்த்துப் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதம் பேசவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் அந்த ரசீதை எடுத்து மற்றவர்களிடம் காட்டி, "எங்க பொண்ணு அறுபது வெள்ளி வேலையைச் சும்மா செஞ்சு குடுத்தா" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். முன்பு ஐம்பது சேலை கட்டிவிட்டபோது யாரும் அப்படிச் சொன்னதில்லை.

போன வாரம் திங்கள்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். பெரியம்மா நின்றார். பேத்தியின் வளைகாப்புக்கு மூன்று சேலை, ஒரு பையில். முன்பணம் பத்து வெள்ளியை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். "ரெண்டு மொய், ஒண்ணுக்குக் காசு. சரிதானே?" என்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு, பையில் இருந்து ஒரு பழைய செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி செருப்பு.

"இதையும் கொண்டாரணும்னு போட்டிருந்தியே," என்றார்.